கையெழுத்துக்குப் பின் கண்ணில் பட்ட சர்வே எண்

"மூத்த வழக்கறிஞர் ஒருவரின் அலுவலகத்தில் எட்டு மாதமாக மெய்ப்பு பார்க்கிறேன். நேற்று எல்லாரும் கையெழுத்துப் போட்டு முடித்த கிரையப் பத்திரத்தில் சர்வே எண் 241/3 என்பதற்குப் பதில் 214/3 என்று இருப்பதை இன்று காலைதான் பார்த்தேன். வெள்ளிக்கிழமை பதிவு. சாரிடம் நேரில் சொல்ல வாய் வரவில்லை. கடிதம் எழுத உட்கார்ந்தால் ஒன்றரைப் பக்கம் போகிறது. எதை எழுத வேண்டும், எதை விட வேண்டும்?"

பதினெட்டு வருடம் இதே வேலை பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன். நான் வக்கீல் இல்லை. பத்திரங்களை மூலத்தோடு ஒத்துப் பார்ப்பதுதான் என் தொழில். அதனால் சட்டம் பற்றி நான் சொல்வதெல்லாம் உங்கள் கடிதத்தின் அளவையும் அவசரத்தையும் நீங்கள் புரிந்துகொள்வதற்காக மட்டும். அடுத்து என்ன செய்வது என்று முடிவெடுப்பது உங்கள் சீனியரின் வேலை. கடிதம் ஒன்றரைப் பக்கம் போவதற்குக் காரணமே இந்த இரண்டும் கலந்துவிடுவதுதான் என்று நினைக்கிறேன்.

முதலில் இந்தப் பிழை எந்த ரகம் என்று பார்ப்போம். எல்லா அச்சுப் பிழைக்கும் கடிதம் தேவையில்லை. "கிரையப் பாத்திரம்" என்று தலைப்பிலேயே அச்சாகிக் கையெழுத்தும் ஆன ஒரு பத்திரத்தை நான் பார்த்திருக்கிறேன். எல்லாரும் சிரித்தார்கள், அதோடு போயிற்று. யாருடைய உரிமையும் அதனால் ஓர் அங்குலம் நகரவில்லை. சொத்து விவரத்தில் இருக்கும் எண் அப்படியில்லை. பதிவு அலுவலகத்தின் அட்டவணை அந்த எண்ணை வைத்துத்தான் ஓடுகிறது. 214/3 என்றே பதிவாகிவிட்டால், நாளைக்கு யாராவது 241/3-க்கு வில்லங்கச் சான்று போடும்போது இந்தக் கிரையம் அதில் வராமல் போகலாம். அதைவிடச் சங்கடம், 214/3 என்ற நிலம் நிஜமாகவே அந்தக் கிராமத்தில் இருக்கும். யாரோ ஒருவருடைய வயல் அது. அவர் தன் நிலத்துக்குச் சான்று போட்டால் நம் கட்சிக்காரர் அதை வாங்கியதாகக் காட்டும். பட்டா மாறுதலும் அதே எண்ணின் பின்னால்தான் போகும்.

நான்கு எல்லையும் சரியாக இருந்தால் எண் தவறினாலும் பரவாயில்லை என்று அலுவலகத்தில் யாராவது உங்களுக்குத் தைரியம் சொல்வார்கள். அதில் உண்மை இல்லாமல் இல்லை. எண்ணும் எல்லையும் முரண்படும்போது எல்லையைப் பிடித்துச் சொத்தை அடையாளம் கண்ட தீர்ப்புகள் நிறைய உண்டு. ஆனால் அது தகராறு வந்து, வழக்குப் போட்டு, கூண்டில் ஏறிய பிறகு கைகொடுக்கிற வாதம். எந்த வழக்கில் எடுபடும், எதில் எடுபடாது என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. வங்கிக் கடனுக்குப் பத்திரத்தைக் கொண்டுபோகிறவரிடம், எல்லை சரியாக இருக்கிறதே என்று சொன்னால் மேலாளர் கேட்கமாட்டார். எனவே உங்கள் பிழை கடிதம் எழுத வேண்டிய ரகம்தான், அதுவும் இன்றைக்கே.

இன்றைக்கே என்பதற்குக் காரணம் பதற்றம் இல்லை. பத்திரம் இப்போது கையெழுத்துக்கும் பதிவுக்கும் நடுவில் நிற்கிறது. இந்த இடைவெளியில் கண்டுபிடித்தது உங்கள் அதிர்ஷ்டம். 1908-ஆம் ஆண்டின் பதிவுச் சட்டத்தில் 20-வது பிரிவு என்று ஒன்று இருக்கிறது. அடித்தல், திருத்தல், இடைச்செருகல் உள்ள பத்திரத்தைச் சார்பதிவாளர் வாங்க மறுக்கலாம், ஆனால் எழுதிக்கொடுத்தவர்கள் அந்தத் திருத்தத்துக்குப் பக்கத்தில் கையெழுத்தோ சுருக்கொப்பமோ போட்டிருந்தால் ஏற்கலாம் என்பது அதன் சாரம். பழைய கையெழுத்துப் பத்திரங்களின் கடைசியில் எத்தனையாவது பக்கம், எத்தனையாவது வரியில் எது அடிக்கப்பட்டு எது எழுதப்பட்டது என்று ஒரு பட்டியல் இருக்குமே, அது இதற்காகத்தான். ஆக உங்கள் சீனியருக்கு இன்று இரண்டு வழி இருக்கிறது. கட்சிக்காரர்களை மறுபடி வரவழைத்து அந்த எண்ணின் மேல் ஒற்றைக் கோடு இழுத்து, சரியான எண்ணை எழுதி, பக்கத்தில் கையெழுத்து வாங்கலாம். அல்லது பத்திரத்தையே புதிதாக அடித்து மறுபடி கையெழுத்துக்கு வைக்கலாம். பிழையால் பயன்படாமல் போன முத்திரைத்தாளுக்குப் பணம் திரும்பக் கேட்க முத்திரைச் சட்டத்தின் 49-வது பிரிவு இடம் தருகிறது, அதற்குக் காலக்கெடுவும் உண்டு. இரண்டில் எது என்பது அவர் பாடு.

பதிவு முடிந்திருந்தால் கதையே வேறு. அப்புறம் பிழைத்திருத்தல் பத்திரம் ஒன்றுதான் நேர்வழி. அதற்கு விற்றவர் மறுபடி வந்து கையெழுத்துப் போட வேண்டும். பணத்தை வாங்கிக்கொண்டு ஊர் மாறிப் போனவரை அழைத்து வருவது எப்படி இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். வர மறுத்தால் 1963-ஆம் ஆண்டின் குறித்தவகைத் துயர்துடைப்புச் சட்டம், 26-வது பிரிவின்படி திருத்தக் கேட்டு நீதிமன்றம் போக வேண்டும். இரு தரப்புக்கும் பொதுவான தவறு இது என்று அங்கே காட்ட வேண்டியிருக்கும்.

இதைப் படித்ததும் உங்களுக்கு ஒரு எண்ணம் வந்திருந்தால் அதை இங்கேயே விட்டுவிடுங்கள். அசல் அலமாரியில்தானே இருக்கிறது, அந்த ஒரு பக்கத்தை மட்டும் மறுபடி அடித்து மாற்றிவிட்டால் என்ன என்பது. அல்லது 1-ஐயும் 4-ஐயும் பிளேடால் சுரண்டிச் சரிசெய்வது. கையெழுத்தான பத்திரத்தை ஒரு தரப்பு மற்றவர்களுக்குத் தெரியாமல் முக்கியமான இடத்தில் திருத்தினால் அந்தத் திருத்தம் பத்திரத்தையே கெடுத்துவிடும் என்பது மிகப் பழைய விதி. 1614-இல் இங்கிலாந்தில் பிகட் வழக்கு என்று ஒன்றில் சொன்னது, நம் நீதிமன்றங்களும் அந்தக் கொள்கையைப் பின்பற்றியிருக்கின்றன. திருத்தம் உண்மைக்குப் பொருத்தமானதா என்பது அப்புறம் பேச வேண்டியது. கையெழுத்துப் போட்டவருக்குத் தெரியாமல் நடந்தது என்பதுதான் முதலில் எடுபடும். பக்கத்தை மாற்றி அவர் கையெழுத்தை நீங்களே போட்டால் அதற்குப் பெயர் பொய்யாவணம். ஓர் அச்சுப் பிழையை மூடப் போய் ஒரு குற்றத்தில் நிற்பீர்கள். இப்படி ஓர் எண்ணம் வருவது சகஜம்தான். எனக்கும் ஒருமுறை வந்தது.

அதைச் சொல்லிவிடுகிறேன். வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது வருடம். ஒரு வீட்டுமனைப் பத்திரத்தில் வடக்கும் தெற்கும் மாறிப்போயிருந்தன. வடக்கே பொதுப்பாதை என்று இருக்க வேண்டியது தெற்கே என்று அச்சாகிவிட்டது. கையெழுத்தான அன்று சாயங்காலமே பார்த்துவிட்டேன். பிளேடை எடுத்தேன், கை நடுங்கியது, வைத்துவிட்டேன். மறுநாள் சொல்லலாம் என்று இருந்தேன். மறுநாள் சீனியர் வேறு ஒரு வழக்கில் கடுப்பாக இருந்தார். அதற்கு அடுத்த நாள் காலையில் குமாஸ்தா பத்திரத்தை எடுத்துக்கொண்டு பதிவுக்குப் போய்விட்டார். நான் வாயைத் திறந்தது மதியம். சீனியர் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். திட்டவில்லை. "எப்ப பாத்தே?" என்று மட்டும் கேட்டார். இரண்டு நாள் முன்னால் என்றேன். அதற்கப்புறம் கேட்டது, "வேற எதெல்லாம் ஒத்துப் பாத்தே?" என்று. அதற்கு என்னிடம் பதில் இல்லை. விற்றவர் அதற்குள் மகன் வீட்டோடு போய்விட்டார். பிழைத்திருத்தலுக்கு அவரை அழைத்துவர ஐந்து மாதம் ஆயிற்று. செலவை அலுவலகம் ஏற்றுக்கொண்டது. அவர் கேட்ட அந்த இரண்டு கேள்விதான் இன்று வரை இந்த மாதிரிக் கடிதத்துக்கு நான் வைத்திருக்கிற அச்சு. எப்போது பார்த்தாய்? வேறு எதைப் பார்த்தாய்?

உங்கள் ஒன்றரைப் பக்கத்தை நான் பார்க்கவில்லை. ஆனால் இது போன்றவற்றை நிறையப் பார்த்திருப்பதால் அதில் என்ன இருக்கும் என்று ஊகிக்க முடிகிறது. "ஒரு சிறு பிழை நேர்ந்துவிட்டதாகத் தெரியவருகிறது" என்று தொடங்கியிருப்பீர்கள். தமிழில் பிழையை ஒளித்துவைக்க வினைச்சொல்லே போதும். நேர்ந்துவிட்டது, விட்டுப்போயிற்று, மாறிவந்துவிட்டது என்றெல்லாம் எழுதினால் செய்தவர் யார் என்றே தெரியாமல், மழை பெய்த மாதிரி, பிழை தானாகவே வந்து உட்கார்ந்துகொள்ளும். படிக்கிறவர் வக்கீல். வாக்கியத்தில் எழுவாய் எங்கே காணாமல் போகிறது என்று பார்ப்பதுதான் அவருக்குப் பிழைப்பு. முதல் வரியிலேயே பிடித்துவிடுவார். "சிறு" என்ற சொல்லையும் எடுத்துவிடுங்கள். அது சிறியதா பெரியதா என்று சொல்ல வேண்டியவர் அவர்.

மறுபக்கம் போகிறவர்களும் உண்டு. "இந்தப் பாவியை மன்னித்தருள வேண்டும், இனி வாழ்நாளில் இப்படி நடக்காது" என்று அரைப்பக்கம். எழுதும்போது மனம் இலேசாகும், சரி. ஆனால் அவர் நீதிமன்றத்துக்குக் கிளம்புகிற அவசரத்தில் அதைப் பிரிக்கிறார். எந்தக் கோப்பு, எந்தப் பக்கம் என்று தெரிவதற்குள் உங்கள் மனவேதனையை முழுவதும் படித்தாக வேண்டியிருக்கிறது. வருத்தத்துக்கு ஒரு வரி, அதுவும் கடைசியில்.

இப்போது கடிதம். பெயர்களை விட்டுவிட்டு, நீங்கள் சொன்ன விவரத்தையும் நான் ஊகித்த சிலவற்றையும் வைத்து எழுதுகிறேன். பக்க எண், நேரம், வரைவு எண்களை உங்களுடையதாக மாற்றிக்கொள்ளுங்கள்.

"மதிப்பிற்குரிய ஐயா,

பொருள்: நேற்று கையெழுத்தான கிரையப் பத்திரம், கோப்பு 37. சொத்து விவரத்தில் சர்வே எண் பிழை. பதிவு வெள்ளி காலை 11 மணி.

பத்திரத்தின் 6-ஆம் பக்கம், சொத்து விவரத்தின் 4-ஆவது வரியில் சர்வே எண் 214/3 என்று இருக்கிறது. மூலப் பத்திரத்திலும் பட்டாவிலும் 241/3. இன்று காலை 10.20-க்குப் பதிவுக்கான நகல்களை அடுக்கும்போது பார்த்தேன்.

இரண்டாம் வரைவில் எண் சரியாக இருந்தது. மூன்றாம் வரைவில் மாறியிருக்கிறது. அந்த வரைவில் தாங்கள் குறித்த திருத்தங்கள் ஏறியிருக்கின்றனவா என்று மட்டும் பார்த்தேன். சொத்து விவரத்தை மறுபடி மூலத்தோடு ஒத்துப் பார்க்கவில்லை. அது என் தவறு.

இன்று பத்திரம் முழுவதையும் மூலத்தோடு ஒத்துப் பார்த்தேன். 2-ஆம் பக்கத்தில் சர்வே எண் வரும் இடத்தில் 241/3 என்று சரியாக இருக்கிறது. கிராமம், விஸ்தீரணம், நான்கு எல்லை, பெயர்கள், தொகை ஆகியவற்றில் வேறுபாடு இல்லை. பதிவுக்காக இணையதளத்தில் ஏற்றிய விவரத்தில் 214/3 என்றே இருக்கிறது.

அசலில் நான் எதையும் தொடவில்லை, அது அலமாரியில் இருக்கிறது. கட்சிக்காரர்களிடம் பேசவில்லை. மூலப் பத்திரம், பட்டா, 6-ஆம் பக்கம் மூன்றின் நகலையும் பிழையைச் சுழித்து இணைத்திருக்கிறேன். தாங்கள் சொல்வதைச் செய்யத் தயாராக இருக்கிறேன். வருந்துகிறேன்.

தங்கள் உண்மையுள்ள"

அரைப் பக்கத்துக்குக் கொஞ்சம் கூட வரும், அவ்வளவுதான். இதில் ஏன் எது இருக்கிறது என்று சொன்னால்தான் உங்கள் அலுவலகத்துக்குத் தகுந்தபடி மாற்ற முடியும்.

பதிவு நேரத்தைப் பொருள் வரியிலேயே போட்டது வேண்டுமென்றே. அவர் மற்றதைப் படிக்காமல் போனாலும் அந்த ஒரு வரியைப் பார்த்துக் குமாஸ்தாவைக் கூப்பிட்டு நிறுத்தச் சொல்லிவிடலாம். வெள்ளிக்கிழமையை விட்டால் எல்லாம் போயிற்று என்றும் இல்லை. கையெழுத்தான நாளிலிருந்து நான்கு மாதத்துக்குள் பத்திரத்தைப் பதிவுக்குத் தாக்கல் செய்யலாம் என்று பதிவுச் சட்டத்தின் 23-வது பிரிவு சொல்கிறது. அதையும் தாண்டினால் அபராதத்தோடு இன்னொரு நான்கு மாதம் கேட்டுப் பார்க்க வழியிருக்கிறது. நாள் தள்ளுவதால் கட்சிக்காரருக்கு வேறு சங்கடம் இருக்கலாம், கடன் தவணை, வெளியூர்ப் பயணம் என்று. அதை எடைபோட வேண்டியவர் சீனியர். இந்தப் பிரிவுகள் எதையும் கடிதத்தில் எழுதாதீர்கள். அவருக்குத் தெரியும்.

அதோடு சேர்த்து இன்னொன்று. "இதனால் பத்திரம் செல்லாததாகிவிடுமோ என்று அஞ்சுகிறேன்" என்கிற மாதிரி ஒரு வாக்கியம் நிறையப் பேருடைய கடிதத்தில் இருக்கும். அது தவறான சட்டம், முதலில். பதிவுக்கு முன் பிடிபட்ட எண் பிழையால் ஒரு பத்திரம் தானாகவே செல்லாமல் போவதில்லை. அதற்கு மேல், அந்தக் காகிதம் கோப்பில் உட்கார்ந்துவிடும். அலுவலக ஊழியரே பத்திரம் செல்லாது என்று எழுதிவைத்ததாக ஒரு தாள் இருப்பதை எந்த வக்கீலும் விரும்பமாட்டார். என்ன இருக்கிறது, என்ன இருக்க வேண்டும், இரண்டுக்கும் ஆதாரம் எது என்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

வரைவு இரண்டில் சரி, மூன்றில் மாறியது என்ற பத்தியைச் சிலர் சாக்குச் சொல்வதாக நினைப்பார்கள். அப்படி இல்லை. மூலத்திலேயே பிழையா, தட்டச்சில் வந்ததா, சீனியரே கையால் குறித்ததில் வந்ததா என்று அவருக்குத் தெரிந்தாக வேண்டும். பொதுவான தவறு என்று எதிர்த்தரப்புக்கு விளக்க வேண்டிவந்தால் இரண்டாம் வரைவில் சரியாக இருந்தது என்பது பயன்படும். தட்டச்சு செய்தவர் பெயரை எழுதாதீர்கள். மூன்றாம் வரைவு என்று சொன்னாலே யார் அடித்தது என்று அவருக்குத் தெரிந்துவிடும். அதை ஒத்துப் பார்க்க வேண்டியவர் நீங்கள், அதனால் தவறு உங்களுடையது. இந்த ஒரு இடத்தில் மட்டும் "நான்" என்ற எழுவாய் உறுதியாக நிற்கட்டும். அதே சமயம் செய்யாததைச் சேர்த்து ஒப்புக்கொள்ளவும் வேண்டாம். இரண்டாம் வரைவை ஒழுங்காகத்தான் ஒத்துப் பார்த்தீர்கள் என்றால் அது அப்படியே இருக்கட்டும்.

"முழுவதையும் ஒத்துப் பார்த்தேன்" என்ற பத்தியை எழுத வேண்டுமானால் அதை நிஜமாகவே செய்திருக்க வேண்டும். ஒரு மணி நேரம் ஆகும். கடிதத்தைக் கொடுப்பதற்கு முன்னால் அந்த ஒரு மணி நேரத்தை எடுத்துக்கொள்ளலாம், அதற்கு மேல் வேண்டாம். ஒரு பிழை இருந்த இடத்தில் இன்னொன்று இருக்கும் என்பது அனுபவம். கட்சிக்காரர்களை ஒருமுறை திரும்ப வரவழைத்துத் திருத்தி அனுப்பிய பிறகு, இன்னொன்று என்று மறுபடி கூப்பிடுவதைவிடக் கேவலம் இந்தத் தொழிலில் கிடையாது. சர்வே எண் பத்திரத்தில் ஓரிடத்தில் மட்டும் வராது. கிரையம் எப்படி வந்தது என்று சொல்லும் பகுதியில் ஒருமுறை, சொத்து விவரத்தில் ஒருமுறை, இணைப்பு வரைபடம் இருந்தால் அதில் ஒருமுறை என்று வரும். உங்கள் பத்திரத்தில் 2-ஆம் பக்கத்தில் சரியாகவும் 6-ஆம் பக்கத்தில் தவறாகவும் இருக்கிறது என்றால் அது கெட்டதிலும் நல்லது. எந்த எண்ணைச் சொல்ல நினைத்தார்கள் என்பதற்குப் பத்திரமே சாட்சி.

இணையதள வரியைப் பலர் மறப்பார்கள். இப்போது பதிவுக்கு முன் சொத்து விவரத்தை இணையதளத்தில் தனியாக ஏற்றுகிறார்கள். அச்சான பத்திரம் ஒன்று, திரையில் ஏறியது இன்னொன்று. பத்திரத்தைத் திருத்தி, திரையில் பழைய எண்ணையே விட்டுவிட்டால் வில்லங்கச் சான்றில் பிழை அப்படியே தொடரும்.

எப்படிக் கொடுப்பது என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும். முதலில் வாயால் இரண்டு வாக்கியம் சொல்லிவிட்டுக் கையில் கடிதத்தைக் கொடுங்கள். "சார், நேத்து சைன் ஆன பத்திரத்துல சர்வே நம்பர் தப்பா இருக்கு. விவரம் இதுல எழுதியிருக்கேன்." வாய் வராததற்கு மருந்து இதுதான், முழுக்கதையும் சொல்ல வேண்டியதில்லை. அவர் நீதிமன்றத்தில் இருந்தால் மதிய இடைவேளை வரை பொறுங்கள். குறுக்கு விசாரணைக்கு நடுவில் போனில் செய்தி போய் உட்கார வேண்டாம். காலையில் பார்த்து மதியம் சொன்னால் யாரும் தாமதம் என்று சொல்லமாட்டார்கள். பத்திரப் பக்கத்தைப் படமெடுத்து வாட்ஸ்அப்பில் நண்பர்களிடம் ஆலோசனை கேட்பது வேண்டவே வேண்டாம். கட்சிக்காரரின் ரகசியத்தைக் காக்கும் கடமை வக்கீலோடு நிற்பதில்லை, அவருடைய குமாஸ்தாக்களுக்கும் ஊழியர்களுக்கும் பொருந்தும் என்று சாட்சியச் சட்டமே சொல்கிறது. அந்த ஊழியர் நாமும்தான்.

கட்சிக்காரருக்கு யார் சொல்வது, எப்படிச் சொல்வது என்பது முழுக்கச் சீனியருடையது. நீங்கள் நல்லெண்ணத்தில் முந்திக்கொண்டு விற்றவருக்குப் போன் போட்டு, எண்ணைத் தப்பாக அடித்துவிட்டோம் என்று சொல்லிவிட்டால், அவர் அதை வைத்து விலைபேச ஆரம்பிக்கலாம். நடந்திருக்கிறது.

அவர் எப்படி எடுத்துக்கொள்வார் என்று கேட்டால் எனக்குத் தெரியாது, உங்கள் சீனியரை நான் பார்த்ததில்லை. கத்துகிறவரும் உண்டு. கத்தி முடித்ததும் அசலைக் கொண்டுவரச் சொல்வார். அப்போது நகல்கள் மூன்றும் வரிசையாகக் கையில் இருக்கட்டும். திருத்தியே பதியலாம் என்று அவர் முடிவெடுத்தால் நீங்கள் செய்ய வேண்டியது இவ்வளவுதான். ஒற்றைக் கோடு, பழைய எண் தெரியும்படி. வெள்ளை மை கூடாது. மேலே 241/3. பக்கத்தில் எழுதிக்கொடுத்தவர்கள் ஒவ்வொருவரும் கையெழுத்து. வாங்குபவரும் பத்திரத்தில் கையெழுத்திட்டிருந்தால் அவரும். கடைசிப் பக்கத்தில் திருத்தக் குறிப்பு. மறுபடி அடிக்கலாம் என்றால் தேதியைக் கவனியுங்கள். நேற்றைய தேதியை அப்படியே விட்டு இன்றைக்குக் கையெழுத்து வாங்குவது புதிதாக ஒரு பிழையைத் தொடங்குவதாகும். எந்தத் தேதி போடுவது என்று அவரைக் கேட்டுவிட்டு அடியுங்கள்.

214-ஐயும் 241-ஐயும் உங்கள் கண் ஏன் விட்டது என்பதற்கு ஒரு வார்த்தை. மௌனமாகப் படித்திருப்பீர்கள். எண்ணை ஒரு படமாகத்தான் கண் பார்க்கும், உள்ளே இருக்கும் மூன்று இலக்கமும் சரியாக இருந்தால் வரிசையைக் கண்டுகொள்ளாது. என்னோடு வேலை பார்த்த அம்மா ஒருவர் எண்களை "இருநூற்று நாற்பத்தொன்று" என்று படிக்கவே விடமாட்டார். மூலத்தை அவர் கையில் வைத்துக்கொண்டு "ரெண்டு, நாலு, ஒண்ணு, பை, மூணு" என்று ஒவ்வொன்றாகச் சொல்வார், நான் அச்சில் ஒவ்வொரு இலக்கத்தின் கீழும் பென்சில் புள்ளி வைக்க வேண்டும். புள்ளி இல்லாத எண் இருந்தால் பக்கத்தைத் திருப்பமாட்டார். இரண்டாம் வரைவுக்குப் போட்ட புள்ளி மூன்றாம் வரைவுக்குச் செல்லாது என்பார், ஒரே ஒரு காற்புள்ளிதான் மாறியிருந்தாலும்.